ஆறேழு மாசம் ஊர்ல இல்லன்னா ஆட்டோமேட்டிக் வாட்ச்சை என்ன பண்றது, வைண்டர் வாங்கணுமா?

முதல் ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்கி ஒரு மாசம் ஆகியிருக்கும், வெள்ளிக்கிழமை ராத்திரி கழட்டி வச்சுட்டு திங்கக்கிழமை காலையில எடுத்துப் பாத்தா நின்னு போயிருக்கும். உடனே மனசு பதறும். நெட்ல தேடுவோம், அது "வைண்டர் வாங்கு"ன்னு ஒரு அழகான மரப்பெட்டியைக் காட்டும், உள்ள வாட்ச் மெதுவா சுத்திட்டே இருக்கும், பாக்க நல்லாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் வாங்குனேன். இப்ப அது பரண் மேல இருக்கு. ஏன்னு சொல்றேன், அப்புறம் மாசக்கணக்குல வெளியூர் போறவங்க வாட்ச்சை எப்படி வச்சுட்டுப் போகணும்னு படிப்படியா சொல்றேன்.

எனக்கு மூணு ஆட்டோமேட்டிக். சித்தப்பா சவூதியில இருந்து வரும்போது கொண்டு வந்த சீக்கோ 5, நான் சம்பாதிச்சு வாங்குன லெதர் பட்டை போட்ட டிசோ, அப்புறம் அப்பாவோட பழைய எச்எம்டி. மே 10ஆம் தேதி ஆன்சைட் கிளம்பி டிசம்பர் 8ஆம் தேதி சென்னைக்குத் திரும்புனேன், மொத்தம் 212 நாள். இந்த மூணையும் வீட்டுல விட்டுட்டுப் போனதுதான் இந்தக் கட்டுரைக்கு உதாரணம்.

வைண்டர் என்ன பண்ணுது, என்ன பண்ணல

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்குள்ள அரைவட்டமா ஒரு எடைத் தகடு இருக்கும், ரோட்டார்னு பேரு. நாம கையை ஆட்டும்போது அது சுத்தும், அது சுத்தச் சுத்த மெயின் ஸ்ப்ரிங்குக்குச் சாவி ஏறும். கழட்டி வச்சா ஏறுன சாவி இறங்குற வரைக்கும் ஓடும். சீக்கோ 5ல வர்ற 7எஸ்26 மெஷின் சுமார் 40 மணி நேரம் ஓடும், டிசோவோட பவர்மேட்டிக் 80 பேர்லயே சொல்ற மாதிரி 80 மணி நேரம். அதனால வெள்ளிக்கிழமை கழட்டுன சீக்கோ திங்கக்கிழமை நின்னிருந்தா அது ரிப்பேர் இல்ல, பெட்ரோல் தீந்த பைக் மாதிரி, அவ்வளவுதான்.

வைண்டர் நம்ம கைக்குப் பதிலா வாட்ச்சைச் சுத்திக் கொடுக்குற மோட்டார். அதை விட்டா அதுல வேற மந்திரம் ஒண்ணும் இல்ல. நிறைய பேர் பயப்படுறது, "ரொம்ப நாள் ஓடாம கிடந்தா உள்ள இருக்குற ஆயில் உறைஞ்சு போயிடும்"னு. தாத்தா காலத்து வாட்ச்ல போட்ட இயற்கை எண்ணெய்ங்களுக்கு அது சரிதான், அது காலப்போக்குல பிசினா மாறிடும். இப்ப வாட்ச்ல போடுறது சிந்தெடிக் ஆயில், அது ஓடுனாலும் ஓடாட்டியும் வருஷக்கணக்குலதான் பழசாகும், ஏழு மாசம் சும்மா கிடந்ததுனால அதுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

இப்ப எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு போடுங்க. 7எஸ்26 மெஷின் மணிக்கு 21,600 தடவை துடிக்கும், ஒரு நாளைக்கு 5,18,400. 212 நாள் வைண்டர்ல விட்டிருந்தா கிட்டத்தட்ட 11 கோடி துடிப்பு. பெட்டியை நாளைக்கு 650 சுத்துன்னு செட் பண்ணியிருந்தா மேற்கொண்டு 1,37,800 சுத்து. யாருமே நேரம் பாக்காத ஒரு வாட்ச் இவ்வளவு உழைக்கணுமா? ஓடுற பல்லு எல்லாம் தேயத்தானே செய்யும். ஒரேயடியா வீணாப் போயிடாது, அதுக்குன்னு செஞ்ச மெஷின்தான், ஆனா "பாதுகாப்புக்காக வைண்டர்"னு சொல்றது தலைகீழான பேச்சு. வைண்டர் வசதிக்கு, பாதுகாப்புக்கு இல்ல.

"வைண்டர் ஓவரா சாவி கொடுத்து ஸ்ப்ரிங்கை அறுத்துடும்"னு இன்னொரு பயம் இருக்கு, அதுவும் தப்பு. சாவி கொடுக்குற சாதா வாட்ச்ல ஸ்ப்ரிங்கோட வெளி நுனி அது சுருண்டு கிடக்குற டப்பியோட சுவர்ல மாட்டியிருக்கும், அதனால ஒரு அளவுக்கு மேல திருக முடியாது. ஆட்டோமேட்டிக்ல அந்த நுனி சுவத்தை இறுக்கிப் பிடிச்சுட்டு மட்டும்தான் இருக்கும், முழுசா ஏறுனதும் வழுக்கி விட்டுரும். அறுந்து போகாது, ஆனா வைண்டர்ல தேவைக்கு மேல சுத்தவிட்டா அந்த வழுக்கல் அடிக்கடி நடந்துட்டே இருக்கும்.

அப்ப யாருக்குத்தான் வேணும்? பெர்பெச்சுவல் காலண்டர் வச்சிருக்கவங்களுக்கு. தேதி, கிழமை, மாசம், லீப் வருஷம், சிலதுல நிலா வரைக்கும் காட்டுற வாட்ச் நின்னு போச்சுன்னா மறுபடி செட் பண்றது பெரிய பாடு, சின்னச் சின்ன பட்டனை ஊசியால அமுக்கி, வரிசை மாறாம பண்ணணும், தப்பு நேரத்துல அமுக்குனா உள்ள உடையுறதும் உண்டு. அந்த வாட்ச்சை ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்க மாத்தி மாத்திக் கட்டுறவங்களுக்கு வைண்டர் நியாயமான செலவு. வெறும் தேதி கிழமை மட்டும் இருக்குற வாட்ச்சுக்கு ரெண்டு நிமிஷ வேலை, அதுக்கு எதுக்குங்க மோட்டார்.

வாங்கியே தீருவேன்னா ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, உங்க மெஷின் எந்தப் பக்கம் சுத்துனா சாவி ஏறும்னு. சீக்கோ ரெண்டு பக்கமும் ஏறும். மியோட்டா 8215 மாதிரி சிலது ஒரு பக்கம் மட்டும்தான், மறுபக்கம் சும்மா கிரகிரன்னு ஓடும். பக்கம் மாத்தி செட் பண்ணிட்டு "வைண்டர்ல போட்டும் நிக்குது"ன்னு வாட்ச் மேல பழி போடுறவங்க நிறைய.

படி 1: கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி தண்ணி இருக்கான்னு பாருங்க

மாசக்கணக்குல வைக்கப்போற வாட்ச்சுக்கு எதிரி ஆயில் இல்ல, ஈரம். வாட்ச்சுக்குள்ள ஏற்கெனவே ஈரம் போயிருந்தா, நீங்க எவ்வளவு அழகா பேக் பண்ணாலும் உள்ள இருந்தே துரு பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. வாட்ச்சை ஒரு பத்து நிமிஷம் உள்ளங்கையில பொத்தி நல்லா சூடாக்குங்க. அப்புறம் கண்ணாடி மேல ஒரே ஒரு சொட்டு குளிர்ந்த தண்ணி விட்டு ஒரு நிமிஷம் கழிச்சுத் துடைங்க. துடைச்ச இடத்துல கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படிஞ்ச மாதிரி மங்கலா ஒரு வட்டம் தெரிஞ்சா உள்ள ஈரம் இருக்கு. பழைய வாட்ச், கண்ணாடி ஓரம் லேசா ஆடுதுன்னா இந்தச் சோதனையே வேணாம், நேரா கடைக்குக் கொண்டு போங்க.

எனக்கு எச்எம்டில சந்தேகம் இருந்தது, ஏன்னா அப்பா அதைக் கட்டிட்டேதான் செடிக்குத் தண்ணி ஊத்துவார். கடையில அண்ணன் பின்மூடியைத் திறந்து கண்ணுல பூதக்கண்ணாடியை மாட்டிட்டுப் பாத்தார். மூடி ஓரத்துல காப்பிப் பொடி தூவுன மாதிரி ஒரு கோடு. "தம்பி, இதை அப்படியே பூட்டி வச்சுட்டுப் போயிருந்தீங்கன்னா திரும்பி வரும்போது ஸ்க்ரூவே கழண்டிருக்காது"ன்னார். அதைச் சுத்தம் பண்ணி, கேஸ்கெட்னு சொல்ற அந்த ரப்பர் வளையத்தை மாத்தித்தான் வச்சேன்.

ஆனா ஈரம் இல்லாத, நல்லா ஓடிட்டு இருக்குற வாட்ச்சை "எதுக்கும் இருக்கட்டும்"னு கிளம்புறதுக்கு முன்னாடி ஃபுல் சர்வீஸ் பண்ணாதீங்க. புது ஆயில் போட்ட நாள்ல இருந்தே அதுக்கு வயசு ஏற ஆரம்பிச்சுரும், ஏழு மாசம் பெட்டியில வீணாப் போகும். சர்வீஸ் தேவைன்னா திரும்பி வந்து பண்ணிக்கலாம்.

படி 2: வேர்வையைக் கழுவுங்க

க்ரவுனை, அதாவது சாவி கொடுக்குற அந்தக் குமிழை, முழுசா உள்ள தள்ளிக்கங்க, திருகுற வகைன்னா திருகி மூடுங்க. இது திறந்திருந்தா அது வாட்ச் இல்ல, ஓட்டை விழுந்த படகு. செயின் வாட்ச்னா, தண்ணி தாங்குற மாடல்தான்னு உறுதி இருந்தா, ஒரு சொட்டு சோப்புத் தண்ணியும் குழந்தைங்க யூஸ் பண்ற மெத்தென்ற டூத் பிரஷும் போதும். செயின் இடுக்குல கறுப்பா ஒரு பசை வரும் பாருங்க, அது நம்ம வேர்வை உப்பும் அழுக்கும் சேந்தது, அதுதான் மாசக்கணக்குல ஸ்டீலையே குழி போடும். எச்எம்டி மாதிரி பழசை தண்ணிப் பக்கமே காட்டாதீங்க, செயினைத் தனியாக் கழட்டிக் கழுவிட்டு கேஸை ஈரத்துணியால துடைச்சா போதும்.

லெதர் பட்டையைக் கண்டிப்பா கழட்டுங்க. வேர்வை குடிச்ச லெதர் ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி, அதை மூடுன டப்பாக்குள்ள வாட்ச்சோட வச்சா ஐப்பசி மழைக்குள்ள பச்சையும் வெள்ளையுமா பூஞ்சை பூத்துரும். ரெண்டு நாள் ஃபேன் காத்துல (வெயில்ல இல்ல) காயவிட்டு, நியூஸ் பேப்பர்ல சுத்தி காத்தாடுற அலமாரியில தனியா வச்சேன். நமக்கு முக்கியம் வாட்ச், பட்டை போனா வேற வாங்கிக்கலாம்.

படி 3: டப்பா

விலை உயர்ந்த வாட்ச் பாக்ஸ் வேணாம். ரப்பர் வளையம் வச்ச, நாலு பக்கமும் கிளிப் போட்டு மூடுற, சாப்பாடு வைக்குற ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும், புதுசா வாங்குங்க, ஊறுகா வாசனை வர்றது வேணாம். ஒரு வாட்ச்சுக்கு ஒரு காட்டன் துணி, ஒண்ணோட ஒண்ணு உரசாம சுத்தி, டயல் மேல பாக்குற மாதிரி படுக்க வைங்க. கம்பெனி கொடுத்த அட்டைப் பெட்டியையும் வெல்வெட் தலகாணியையும் உள்ள வைக்காதீங்க. ஏன்னா ஒரு லிட்டர் காத்துல இருக்குற ஈரம் ரொம்பக் கம்மி, நம்ம ஊர் புழுக்கத்துலகூட ஒரு சொட்டுத் தண்ணி தேறாது, ஆனா அட்டையும் பஞ்சும் துணியும் அதை விட எத்தனையோ மடங்கு ஈரத்தை உள்ள வச்சுக்கிட்டு மெதுவா விட்டுட்டே இருக்கும். நான் காட்டன் துணியைக்கூட அயர்ன் பண்ணி ஆறவிட்டுத்தான் சுத்துனேன்.

உள்ள சிலிக்கா ஜெல், 20, 30 கிராம் போதும். நிறம் மாறுற வகை வாங்குனா நல்லது, ஆரஞ்சு நிறத்துல இருக்குறது ஈரம் குடிச்சா பச்சையா மாறும், பாத்தவுடனே தெரிஞ்சுரும். ஷூ டப்பாவுல வந்த பழைய பொட்டலத்தை எடுத்துப் போடாதீங்க, அது எப்பவோ வயிறு நிறைய குடிச்சு முடிச்சிருக்கும். அரிசி போடலாமான்னு எங்க அத்தை கேட்டாங்க. அரிசி ஈரத்தை உறிஞ்சுறது சிலிக்கா ஜெல்லுக்குப் பக்கத்துலகூட வராது, தூசியும் வண்டும்தான் மிச்சம்.

டப்பாவை ஏசி ஓடுற ரூம்ல வச்சு மூடுங்க. ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானியும் உள்ள போட்டேன், மூடி ஒரு நாள் கழிச்சுப் பாத்தா 44 சதவீதம் காட்டுச்சு. 40ல இருந்து 55க்குள்ள இருந்தா கவலை இல்ல. அடுத்த நாளும் 65, 70ன்னு நின்னா ஒண்ணு மூடி சரியா மூடல, இல்ல துணியோ ஜெல்லோ ஈரமா இருக்கு.

படி 4: எங்க வைக்குறது

நம்ம வீட்டுல பத்திரமான இடம்னா பீரோதான். ஆனா பட்டுப்புடவை அடுக்குல அந்துருண்டை போட்டிருப்பாங்க, அந்த அடுக்குல வைக்காதீங்க. அந்த உருண்டை உருகாம ஆவியாப் போற சாமான், அந்த ஆவி ரப்பர் வளையத்து மேலயும் பிளாஸ்டிக் கண்ணாடி மேலயும் படியுறது நல்லதில்ல. டப்பா காத்துப் போகாததுதான், இருந்தாலும் தள்ளியே வைங்க. வெயில் படுற சுவத்துப் பக்கம், மொட்டை மாடிக்குக் கீழ இருக்குற பரண், கிச்சன், பாத்ரூம் சுவத்தை ஒட்டுன அலமாரி, இதெல்லாம் வேணாம்.

அடுத்தது காந்தம். என் வைண்டர் கதை இங்கதான் வருது. அதை டிவி ஸ்டாண்ட்ல, ப்ளூடூத் ஸ்பீக்கர் பக்கத்துல வச்சிருந்தேன், பாக்குறவங்க பாக்கட்டும்னு. ஒரு மாசத்துல சீக்கோ நாளைக்கு நாலு நிமிஷம் ஃபாஸ்ட். அதுக்கு முன்னாடி நாளைக்கு 15 செகண்டு தாண்டாத வாட்ச். மெஷின் போச்சுன்னு நினைச்சேன், ஆனா வாட்ச் திடீர்னு நிமிஷக்கணக்குல ஃபாஸ்ட்டா ஓடுனா முதல்ல சந்தேகப்பட வேண்டியது காந்தம்தான். உள்ள இருக்குற மயிரிழை ஸ்ப்ரிங்கோட சுருள்ங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஸ்ப்ரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகி வேகமா துடிக்கும். போன்ல காம்பஸ் ஆப்பைத் திறந்து வாட்ச்சைப் பக்கத்துல மெதுவா நகர்த்துனேன், முள்ளு வாட்ச் பின்னாடியே திரும்புச்சு. கடையில காந்தத்தை எடுக்குற டீமேக்னடைசர் மேல வச்சு எடுத்தாங்க, ஒரு நிமிஷம்கூட ஆகல, பழைய ஓட்டத்துக்கு வந்துருச்சு. அதனால டப்பா வைக்கப்போற இடத்துல காம்பஸ் ஆப்பை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஸ்டீல் பீரோவே முள்ளைக் கொஞ்சம் இழுக்கும், அது பரவாயில்ல, ஸ்பீக்கர், காந்தம் வச்சு மூடுற ஹேண்ட்பேக், டேப்லெட் கவர், இதுங்கதான் பக்கத்துல இருக்கக் கூடாது.

படி 5: ஓடி நிக்கட்டும், விட்டுருங்க

நிறுத்துறதுக்குன்னு தனியா ஒண்ணும் செய்ய வேணாம். க்ரவுனை வெளிய இழுத்து வச்சு நிறுத்துற பழக்கம் சிலருக்கு இருக்கு, மாசக்கணக்குக்கு அது கூடாது, தூசிக்கும் ஈரத்துக்கும் கதவைத் திறந்து வச்ச மாதிரி. உள்ள தள்ளியே வைங்க, மூணு நாலு நாளுக்குள்ள அதுவா நின்னுரும்.

"மாசத்துக்கு ஒருக்க எடுத்து ஆட்டி வைக்கச் சொல்லணுமா?" சிந்தெடிக் ஆயில் போட்ட வாட்ச்சுக்குத் தேவையில்ல. வீட்டுல யாரையாவது மாசாமாசம் எடுக்கச் சொன்னா டப்பாவைத் திறந்து ஈரக்காத்தை உள்ள விடுவாங்க, கீழ போடுற ஆபத்தும் இருக்கு. நான் அம்மாகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், மூடி வழியா பாத்து ஜெல் பச்சையா மாறியிருந்தா வீடியோ கால்ல காட்டச் சொன்னேன். அக்டோபர் கடைசியில ஒரு தடவை மாத்துனாங்க.

இன்னொண்ணு, பேட்டரி வாட்ச் இருந்தா அதுக்கு இந்தச் சலுகை கிடையாது. பேட்டரி தீந்து உள்ளயே கிடந்தா கசிஞ்சு மெஷினைத் தின்னுரும், அதனால பழைய பேட்டரின்னா கழட்டிட்டு வைங்க.

படி 6: திரும்பி வந்ததும் எழுப்புறது

டிசம்பர் 8, திங்கக்கிழமை சாயந்திரம் 4:10. டப்பாவைத் திறந்தேன். டிசோவுக்குக் க்ரவுன்லயே சாவி கொடுக்கலாம், ஒரு 30 சுத்து மெதுவா. சீக்கோவோட 7எஸ்26ல அந்த வசதியே கிடையாது, க்ரவுனைச் சுத்துனா சும்மாதான் சுத்தும், உடைஞ்சிருச்சுன்னு பயந்துராதீங்க. வாட்ச்சைப் படுக்கையா பிடிச்சு, தட்டுல தண்ணி தளும்புற மாதிரி இடம் வலமா ஒரு அரை நிமிஷம் ஆட்டுங்க, செகண்டு முள்ளு கிளம்பிரும். உடுக்கை அடிக்குற மாதிரி ஆட்ட வேணாம். மீதிச் சாவி கையில கட்டுனா ஏறிக்கும்.

இப்பதான் புதுசா வாங்குனவங்க மெஷினை உடைக்குற இடம். சீக்கோ ஏதோ ஒரு நாள் 11:20ல நின்னிருந்தது. அது பகலா ராத்திரியா தெரியாது. ராத்திரி 9ல இருந்து விடிகாலை 4 வரைக்கும் தேதியைத் தள்ளுற பல்லு தேதி வளையத்தோட மாட்டிட்டு இருக்கும், அப்பப் போய் தேதியைத் திருகுனா பல்லு உடையும். அதனால முதல்ல க்ரவுனை ரெண்டாவது கிளிக் வரைக்கும் இழுத்து முள்ளை முன்னோக்கியே சுத்துங்க. தேதி மாறுற இடம் வந்தா அது ராத்திரி 12ன்னு அர்த்தம். அதையும் தாண்டி காலை 6 மணிக்குக் கொண்டு வாங்க. இப்ப பல்லு விலகியிருக்கும்.

அடுத்து முதல் கிளிக்குக்கு உள்ள தள்ளி தேதியை 7க்கும் கிழமையை ஞாயித்துக்கிழமைக்கும் வைங்க, அதாவது நேத்து. சித்தப்பா சீக்கோவுல கிழமை அரபியும் இங்கிலீஷும் மாறி மாறி வரும், ஒரு நாளுக்கு ரெண்டு கிளிக். அப்புறம் மறுபடி ரெண்டாவது கிளிக், முள்ளை முன்னோக்கிச் சுத்துனா பகல் 12 போய் ராத்திரி 12 தாண்டும்போது தேதி 8க்கு விழும், கொஞ்ச நேரத்துல கிழமையும் திங்கள் ஆகும். இப்ப இது விடிகாலைன்னு உறுதி. இன்னும் ஒரு முழுச் சுத்து, பகல் 12 தாண்டி 4:10. க்ரவுனை உள்ள தள்ளுங்க. "நேத்து" வச்சதுக்குக் காரணம் இதுதான், இல்லன்னா தேதி பகல் 12 மணிக்கு மாறிட்டுத் திரியும்.

முதல் ஒரு வாரம் போன் டைமோட ஒப்பிட்டு தினமும் எவ்வளவு தள்ளுதுன்னு குறிச்சு வைங்க. முதல் ரெண்டு நாள் கணக்கை நம்பாதீங்க, சாவி முழுசா ஏறியிருக்காது. என் சீக்கோ மூணாவது நாள்ல இருந்து நாளைக்கு 12 செகண்டு ஃபாஸ்ட், போறதுக்கு முன்னாடி இருந்த அதே ஆளு. டிசோ அதை விட ஒழுங்கு. எச்எம்டி மட்டும் பகல்ல கையில இருக்கும்போது நல்லா ஓடிட்டு, ராத்திரி கழட்டி வச்சா விடியுறதுக்குள்ள நின்னுருச்சு. ஏழு மாசம் கிடந்ததுனால இப்படி ஆகல, போறதுக்கு முன்னாடி அண்ணன் ஈரத்தை மட்டும்தான் எடுத்தார், மெஷினைப் பிரிச்சு ஆயில் மாத்தல, அப்பா கட்டுன காலத்து ஆயில்தான் உள்ள. இந்த மாதிரி ராத்திரிக்குள்ள நிக்குற வாட்ச்சை வைண்டர்ல போட்டா நாள் பூரா ஓடுற மாதிரி தெரியும், ஆனா காஞ்ச அச்சு தேஞ்சுட்டே இருக்கும். அடுத்த சனிக்கிழமை அதே அண்ணன் கடையில கொடுத்தேன், பொங்கலுக்கு முன்னாடி தர்றேன்னு சொல்லியிருக்கார்.